மனுவில் எது பிழை?

போன ஆண்டு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கைப்பேசியில் அழைத்தார். "தம்பி, நம்ம புள்ள ஒரு மனு எழுதி வச்சிருக்கு. தாசில்தார் ஆபீசுக்குக் குடுக்கணும். நீ டாக்டர் படிப்பு படிக்கிறவன், தப்பு கிப்பு இருந்தா திருத்திக் குடு. போன தடவ குடுத்தத தள்ளிட்டாங்க. தமிழ்கூட ஒழுங்கா எழுதத் தெரியாதான்னு அங்க ஒருத்தர் கேட்டாராம். அதுலேருந்து புள்ள எழுதவே கூச்சப்படுது" என்றார்.

அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். எங்கள் குடியிருப்பில் மனு என்றால் இப்போது அவள் கைதான். கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம் எழுதியிருந்ததைப் படம் பிடித்து அனுப்பினாள். கூடவே முதல் மனுவின் நகலும், அதற்கு அலுவலகத்திலிருந்து வந்த பதிலும் இருந்தன.

விஷயம் இதுதான். குடியிருப்பிலிருந்து ஓடைக்கரை மயானத்துக்கு ஒரு வண்டிப்பாதை உண்டு. என் தாத்தாவைத் தூக்கிப் போன பாதை அது. அதை ஒட்டி நிலம் வைத்திருக்கும் ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவர் பாதையை உழுது தன் கொல்லையோடு சேர்த்துக் கம்பி வேலி போட்டுவிட்டார். அதற்குப் பிறகு பிணத்தைச் சேற்று வரப்பில் சுமந்து போகிறார்கள். நான்கு பேர் சுமக்க வேண்டிய பாடையை வரப்பின் அகலத்துக்கு ஏற்ப இரண்டு பேர் முன்னும் பின்னுமாகச் சுமக்கிறார்கள்.

முதல் மனுவுக்கு வந்த பதில் ஒரே வாக்கியம். மனுதாரர் கோரும் பாதை தனிநபர் பட்டா நிலத்தில் அமைவதாலும், நில உரிமையாளர் சம்மதம் தெரிவிக்காததாலும் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. எழுத்துப் பிழை என்ற பேச்சே அதில் இல்லை. ஆனாலும் எங்கள் ஆட்கள் எழுத்துப் பிழையால்தான் மனு தள்ளுபடியானது என்று நம்பிவிட்டார்கள். எழுத்தைக் காட்டி ஒருவரை வெட்கப்படுத்திவிட்டால், அவர் தன் மனு ஏன் தள்ளுபடியானது என்று கேட்கவே மாட்டார். தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டவர்களிடம் இந்த வித்தை இன்றும் வேலை செய்கிறது.

நான் முதலில் செய்தது, அவள் எழுதியதில் எவையெல்லாம் பிழை என்று வட்டம் போட்டதுதான். இருபத்து மூன்று வந்தன. 'மனு' என்பது 'மணு' என்றிருந்தது. 'மயானம்' என்பது 'மயாணம்' ஆகியிருந்தது. 'ஆக்கிரமிப்பு' இரண்டு இடத்தில் 'ஆக்கரமிப்பு', 'கொள்கிறோம்' கடைசியில் 'கொள்கிரோம்'. ஒற்று மிக வேண்டிய இடங்களில் மிகவில்லை, வேண்டாத இடத்தில் ஒன்று மிகுந்திருந்தது. பிறகு ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இந்தப் பிழையால் இதைப் படிக்கும் எழுத்தர் வேறு ஒன்றைப் புரிந்துகொள்வாரா? இருபத்து மூன்றில் இருபத்திரண்டுக்கும் பதில், இல்லை. 'மணு' என்று எழுதினாலும் அது மனுதான். எந்த அலுவலகமும் அதைப் படித்துவிட்டு இது என்ன என்று குழம்பாது. திருத்தினேன், ஆனால் அது அவளுடைய கூச்சம் போவதற்கான திருத்தம். மனுவின் விதியை அது மாற்றாது.

மிஞ்சிய ஒன்று வேறு ரகம். "எங்கள் முன்னோர் காலத்து மயானப் பாதையை அளித்து விட்டார்" என்று எழுதியிருந்தாள். அவள் எழுத நினைத்தது 'அழித்து'. பேச்சில் ழகரத்தை ளகரமாகச் சொல்வது தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில், எல்லாச் சாதியிலும் உள்ள வழக்கம். ஆனால் தாளில் 'அளித்து' என்றால் கொடுத்து என்று பொருள். பாதையை அழித்தவர், மனுவின்படி பாதையைக் கொடுத்தவர் ஆகிவிட்டார்! அதே மனுவில் "முன்பு அழித்த மனு" என்றும் இருந்தது. அது 'அளித்த' என்றிருக்க வேண்டும். இந்தச் சொல் வரும் இடங்களை மட்டும் மூன்று முறை படித்துப் பாருங்கள் என்று மனு எழுதும் தோழர்களுக்குச் சொல்வேன். கணினியின் பிழைதிருத்தியும் இங்கே உதவாது. 'அளித்து', 'அழித்து' இரண்டுமே சரியான தமிழ்ச் சொற்கள், கோடு விழாது.

எழுத்துகளைப் பற்றி இன்னும் ஒன்று. அவள் 'அய்யா' என்று எழுதியிருந்தாள். படித்த ஒருவர் அதை அடித்து 'ஐயா' என்று திருத்தியிருந்தார். இரண்டும் சரிதான். பிழை இல்லாததைப் பிழை என்று அடிப்பதும் அதிகாரம் காட்டுவதுதான். நான் மறுபடியும் 'அய்யா' என்று போட்டேன்.

அடுத்து எண்களுக்கு வந்தேன். பதிலில் 'பட்டா நிலம்' என்று எப்படி வந்தது என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. வண்டிப்பாதை பட்டாவில் இருக்க வாய்ப்பு உண்டு. பல ஊர்களில் தனி உட்பிரிவு செய்யாமல் பட்டா நிலத்துக்குள்ளேயே பாதை ஓடும். ஆனால் எங்கள் பாதை அப்படியா? eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். முதல் மனுவில் கொடுத்திருந்த புல எண் 124. போட்டுப் பார்த்தேன், பட்டா நிலம்தான். அலுவலகம் பொய் சொல்லவில்லை. பிறகு சித்தப்பாவைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்பி கிராம வரைபடத்தைப் பார்க்கச் சொன்னேன். ஓடையிலிருந்து விரல் வைத்துக்கொண்டு வந்தால் பாதையின் எண் 142. (எண்களை இங்கே மாற்றித் தந்திருக்கிறேன், தவறு நடந்த விதம் இதுதான்.) 142ஐப் போட்டுப் பார்த்தபோது திரையில் வந்தது: அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை, பரப்பு 0.18.50.

இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதில் அரசு நிலம் பட்டா நிலமாகிவிட்டது. மனு முழுவதும் இலக்கணச் சுத்தமாக இருந்திருந்தாலும் இந்தப் பதிலேதான் வந்திருக்கும். தமிழ் தெரியாதா என்று கேட்டவர் அந்த எண்ணைப் பார்த்து, அம்மா இது பாதையின் எண் இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிராம வரைபடம் அவர் அலுவலகத்தில்தான் இருக்கிறது.

பரப்பிலும் ஒரு பள்ளம் இருந்தது. 0.18.50 என்றால் 0 ஹெக்டேர், 18 ஏர், 50 சதுர மீட்டர். மொத்தம் 1850 சதுர மீட்டர். எங்கள் பாதை சுமார் 370 மீட்டர் நீளம். அகலம் 5 மீட்டர் என்று கணக்கு சரியாக வருகிறது. இதைப் பார்த்த சித்தப்பா "அப்ப பதினெட்டு சென்ட்டுன்னு போட்டுடலாமா தம்பி?" என்றார். கூடாது. ஓர் ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். 18.50 ஏர் என்பது சுமார் 45.7 சென்ட். பதினெட்டு சென்ட் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால், பாதையில் பாதிக்கு மேல் நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். 370 மீட்டர் நீளத்துக்கு அது இரண்டு மீட்டர் அகலம்கூட வராது. எனவே பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஹெக்டேரிலேயே எழுதச் சொன்னேன். மாற்றி எழுதுவது அளவைக்காரர் வேலை.

இனி சொற்களுக்கு வருகிறேன். முதல் மனுவின் கோரிக்கை வாக்கியம் இப்படி இருந்தது: "ஏழை எளிய மக்களாகிய எங்கள்மீது கருணை கூர்ந்து, நிலத்துக்காரரிடம் பேசி, பிணம் கொண்டு செல்ல வழி வாங்கித் தந்து உதவுமாறு தங்கள் பொற்பாதம் பணிந்து தாழ்மையுடன் கேட்டுக் கொள்கிறோம்."

இந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. முதல் மனுவிலேயே அழகான வாக்கியம் இதுதான். அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் வாக்கியம் என்று அவள் சொன்னாள். அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். மனுவைக் கெடுத்த வாக்கியமும் இதுதான்.

பொற்பாதம் என்பது நமக்குக் கொதிப்பைத் தரும் சொல். சுயமரியாதைக்கு இழுக்கு என்று அதை அடித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதைவிடக் கெட்டது 'நிலத்துக்காரரிடம் பேசி வழி வாங்கித் தந்து' என்ற பகுதி. நிலம் அவருடையது, நாங்கள் அதில் நடக்க அனுமதி கேட்கிறோம் என்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டோம். அனுமதி கேட்கும் மனுவுக்கு அலுவலகம் என்ன செய்யும்? நில உரிமையாளரைக் கேட்கும். அவர் முடியாது என்பார். சம்மதம் இல்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது. தவறான எண் ஒரு பக்கம் பட்டா என்று காட்ட, இந்த வாக்கியம் இன்னொரு பக்கம் அதை உறுதி செய்துவிட்டது. பணிவாகக் கேட்டதன் விலை வெறும் மானம் மட்டுமல்ல. நாம் கேட்டதே வேறு பொருளாகிவிட்டது.

அரசு நிலத்தில் ஒருவர் வேலி போட்டால் அது ஆக்கிரமிப்பு. அதற்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 7ஆம் பிரிவில் ஆக்கிரமித்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். 6ஆம் பிரிவில் அகற்ற வேண்டும். அந்த அதிகாரம் வட்டாட்சியருக்கு உண்டு. இதில் வேலி போட்டவரின் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே புது மனுவில் கோரிக்கை வாக்கியத்தை இப்படி மாற்றினோம்: "புல எண் 142இல் உள்ள வண்டிப்பாதைப் புறம்போக்கை அளந்து, எல்லைக் கல் நட்டு, அதிலுள்ள ஆக்கிரமிப்பை அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." அளப்பது, கல் நடுவது, அகற்றுவது. மூன்றும் அலுவலகம் செய்யக்கூடிய, செய்தார்களா இல்லையா என்று பின்னால் நாம் கேட்கக்கூடிய வேலைகள். 'உதவுமாறு' என்ற சொல்லுக்கு அப்படி எந்த அளவும் கிடையாது.

"மரியாத இல்லாம இருக்குமோ அண்ணா?" என்று அவள் கேட்டாள். நியாயமான பயம். அவள்தான் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். 'அய்யா' இருக்கிறது, 'வட்டாட்சியர் அவர்கள்' இருக்கிறது, 'கேட்டுக்கொள்கிறோம்' இருக்கிறது, முடிவில் 'நன்றி' இருக்கிறது. மரியாதைக்கு இது போதும். மரியாதை இருவருக்கும் பொது. பொற்பாதம் ஒருவருக்கு மட்டும்தான்.

இதற்கு நேரெதிரான தவறை நான் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் பழகிய கை. அவள் பேசுகிற மாதிரி எழுதியிருந்ததை 'அலுவல் நடை'க்கு மாற்றத் தொடங்கினேன். "பக்கத்துக் கொல்லைக்காரர் இன்னார் டிராக்டர் வச்சு பாதைய உழுதுட்டு கம்பி வேலி போட்டுட்டாரு" என்பது அவள் வாக்கியம். அதை நான் "மேற்படி பாதை உழப்பட்டு, கம்பி வேலி அமைக்கப்பட்டு, ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது" என்று திருத்தினேன். கம்பீரமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் படித்துப் பார்த்தபோது யார் என்ற சொல்லைக் காணோம். உழப்பட்டது, அமைக்கப்பட்டது, ஆக்கிரமிக்கப்பட்டது. எல்லாம் தானாக நடந்துவிட்டது!

அரசுத் தமிழுக்கு இந்தப் 'பட்டது' மிகவும் பிடிக்கும். நம் மீது நடக்கும் எதையும் செய்தவர் பெயரில்லாமல் சொல்ல அது வசதியானது. 'தாக்கப்பட்டார்', 'மறுக்கப்பட்டது', 'ஒதுக்கி வைக்கப்பட்டனர்'. ஆக்கிரமிப்பு அறிவிப்பை யார் பெயருக்கு அனுப்புவது? பெயர் இல்லாத மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, ஆக்கிரமிப்பாளர் யார் எனத் தெரியவில்லை என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பை மூட முடியும். அவளுடைய வாக்கியத்தையே திரும்ப எடுத்து, பேச்சு வழக்கை மட்டும் எழுத்து வழக்காக்கினேன்: "பக்கத்து நிலத்தின் உரிமையாளர் திரு. ......, த/பெ. ......, டிராக்டர் வைத்துப் பாதையை உழுது கம்பி வேலி போட்டுள்ளார்." டிராக்டர் என்ற சொல்லுக்கு 'உழுவுந்து' என்று மாற்ற நினைத்து விட்டுவிட்டேன். சாட்சி சொல்லப் போகிறவர்கள் டிராக்டர் என்றுதான் சொல்வார்கள்.

நம்மை எப்படிக் குறிப்பிடுவது என்பதிலும் அதே கவனம் வேண்டும். முதல் மனுவில் ஓரிடத்தில் 'கீழ்சாதி மக்களாகிய நாங்கள்' என்று இருந்தது. எழுதியவளைக் குறை சொல்லவில்லை. அவள் பார்த்து எழுதிய மாதிரி அப்படி. சட்டத்தில் உள்ள சொல் பட்டியல் சாதியினர். அதை எழுத வேண்டும், ஏனென்றால் மயானத்தையும் பொதுப் பாதையையும் பட்டியல் சாதியினர் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவில் வரும் குற்றம். அடுத்தது 'காலனி'. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் பழைய பதிவேட்டில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிற இடத்தில் நாம் வேறு பெயர் மட்டும் எழுதினால், அப்படி ஒரு குடியிருப்பே இல்லை என்று பதில் வரலாம். எங்கள் மனுவில் குடியிருப்பின் பெயரை முதலில் எழுதி, அரசுப் பதிவேட்டில் இன்ன பெயரில் உள்ளது என்று ஒருமுறை மட்டும் சேர்த்தோம்.

வன்கொடுமைச் சட்டத்தையும் இதே மனுவில் சேர்த்து வழக்குப் பதியச் சொல்லலாமா என்று இளைஞர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அது வேண்டாத நடவடிக்கை என்பதால் அல்ல. வட்டாட்சியர் வழக்குப் பதிய முடியாது. இரண்டு கோரிக்கையையும் ஒரே தாளில் வைத்தால் மனு காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று வருவாய்த் துறை கைகழுவும். நிலப் பிரச்சினை என்று காவல் துறை திருப்பி அனுப்பும். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. காவல் நிலையத்துக்குத் தனிப் புகார். இரண்டிலும் பெயரும் நாளும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

நாள் என்றதும் எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருத்திய மனுவைக் கணினியில் அடித்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கையெழுத்து வாங்கும் முன் கோவில் திடலில் எல்லோரையும் உட்கார வைத்து அந்தப் பெண் சத்தமாகப் படித்தாள். பாதி பேர் கைநாட்டு. "கார்த்திகை மாதம் வேலி போட்டார்" என்று அவள் படித்ததும் அத்தை குறுக்கிட்டார்.

"கார்த்தியில ஏது வேலி? பொங்கலுக்கு மறுவாரம் எங்க மாமியாரத் தூக்கிக்கிட்டு அந்த வழியாத்தான போனோம். கருமாதிக்குப் போறப்பதான் வேலி இருந்துச்சு."

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத அத்தைதான் அந்த மனுவின் பெரிய பிழையைக் கண்டுபிடித்தார். அடக்கம் நடந்தது ஜனவரி 21. கருமாதி பிப்ரவரி 5. இடையில் வேலி வந்திருக்கிறது. இறந்த தேதிக்கு இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. வேலி கார்த்திகையிலேயே இருந்தது என்று எழுதியிருந்தால், அதற்குப் பிறகு ஜனவரியில் இதே வழியாக எப்படிப் பிணம் கொண்டு போனீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டிருக்கும். மனு அங்கேயே பொய்யாகியிருக்கும். இப்போது அதே சாவு எங்களுக்குச் சான்றாகிவிட்டது. இறப்புச் சான்றிதழின் நகலை இணைப்பில் சேர்த்தோம்.

மனுவைப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது ஏதோ நம் தயவு அல்ல. காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய அதிகாரி, கையெழுத்து வாங்கும் முன் அதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 4ஆம் பிரிவில் அதிகாரிக்கு விதித்த கடமை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால் எழுதித் தர உதவ வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு பொதுத் தகவல் அலுவலருக்குச் சொல்கிறது. எழுத்துத் தெரியாதது குற்றமில்லை, எழுதித் தராததுதான் குறை என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடங்கள் இவை. நம் மனுக்களை நாம் எழுதும்போதும் அந்தக் கடமை நமக்கு இருக்கிறது.

கடைசியில் போன மனு இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

அனுப்புநர்: ...... குடியிருப்பு மக்கள் (பெயர், கையெழுத்து இணைப்பில்)
பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், வட்டாட்சியர் அலுவலகம், ......
பொருள்: ...... கிராமம், புல எண் 142, வண்டிப்பாதைப் புறம்போக்கு – ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் அலுவலகப் பதில் ந.க. எண் ......, நாள் ......

அய்யா,

எங்கள் குடியிருப்பில் வாழும் பட்டியல் சாதி மக்கள் ஓடைக்கரை மயானத்துக்குச் செல்லும் பாதை புல எண் 142இல் உள்ளது. இது 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு, பரப்பு 0.18.50 ஹெக்டேர் என்று பதிவாகியுள்ளது.

பார்வையில் கண்ட பதில் புல எண் 124 தொடர்பானது. எங்கள் முந்தைய மனுவில் எண் தவறாகக் குறிப்பிடப்பட்டது. சரியான எண் 142.

கடந்த ஆண்டு ஜனவரி 21 அன்று இப்பாதை வழியே திருமதி ...... அவர்களின் உடலை எடுத்துச் சென்று அடக்கம் செய்தோம். பிப்ரவரி 5 அன்று சென்றபோது, பக்கத்து நிலத்தின் உரிமையாளர் திரு. ......, த/பெ. ......, பாதையை டிராக்டர் வைத்து உழுது கம்பி வேலி போட்டிருந்தார். அன்று முதல் மயானத்துக்கு வேறு பாதை இல்லை.

எனவே புல எண் 142ஐ அளந்து, எல்லைக் கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். நடவடிக்கையின் விவரத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறோம். நன்றி.

இணைப்பு: 1. 'அ' பதிவேட்டு நகல் 2. புலப்பட நகல் 3. இறப்புச் சான்றிதழ் நகல் 4. முந்தைய மனுவும் பதிலும்

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. முதல் மனுவில் மூன்று தலைமுறைக் கதை இருந்தது. அதையெல்லாம் எடுத்தது அவளுக்கு வருத்தம்தான். அந்தக் கதை வேறு இடத்தில் எழுதப்பட வேண்டும், எழுதுவாள். பழைய எண் தவறு என்று நாமே ஒப்புக்கொள்ள வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இல்லாவிட்டால் இதே கோரிக்கைமீது ஏற்கெனவே பதில் தரப்பட்டுவிட்டது என்று இதையும் மூடிவிடுவார்கள். நம் பிழையை நாமே இரண்டு வரியில் சொல்லிவிட்டால் அதை வைத்து நம்மை வெட்கப்படுத்த அவர்களிடம் எதுவும் மிஞ்சாது.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் ஒரு நகல் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். இரண்டு மாதம் கழித்து நில அளவர் சங்கிலியோடு வந்தார். அளந்தபோது பாதை முழுவதும் வேலிக்குள்தான் இருந்தது. எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள். வேலி போட்டவருக்கு 7ஆம் பிரிவில் அறிவிப்பு போயிருக்கிறது. ஓடைப் பக்கம் பாதி வேலியை எடுத்துவிட்டார். குடியிருப்புப் பக்கம் மீதி இன்னும் நிற்கிறது. அதற்கு அடுத்த மனுவை அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை திருத்தித் தரச் சொல்லி அனுப்பவில்லை. அத்தையிடம் படித்துக் காட்டிவிட்டாளாம்.